மூணு மாச இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு டைம்லைன், நடுவில் வேலை கூடினால் என்ன செய்வது

ஒரு உதாரணத்தை வைத்தே போவோம். திருநெல்வேலியில் ஒரு நீர்நிலை அமைப்பில் இன்டர்ன்ஷிப், 2026 ஜூன் 1 திங்கள் முதல் ஆகஸ்ட் 28 வெள்ளி வரை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயில் 24 குளங்களைப் பார்த்து, கரை, மடை, கலுங்கு எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிந்து, மேப்பும் அறிக்கையும் கொடுக்க வேண்டும். 13 வாரம், வாரத்துக்கு 5 நாள், ஆக விடுமுறைகளைக் கழிக்காமல் 65 வேலை நாள்.

டைம்லைனைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி வாரம் விளக்கக்காட்சிக்கும் ஒப்படைப்புக்கும். அதற்கு முந்தைய வாரம் கைடு அறிக்கையைப் படித்துத் திருத்தம் சொல்ல. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், கைடுக்கு நம் அறிக்கை மட்டுமா வேலை? எழுத இரண்டு வாரம். இப்போதே 20 நாள் போய்விட்டது, மிச்சம் 45.

முன்பக்கம் படிவம் தயாரித்து, நயினார்குளம் மாதிரி பக்கத்தில் இருக்கும் ஒன்றில் அதைச் சோதித்துப் பார்க்க 10 நாள். ஒரு நாளைக்கு எத்தனை குளம் முடியும் என்பது இந்தச் சோதனையில்தான் தெரியும், வீட்டில் உட்கார்ந்து ஊகித்துப் போடாதீர்கள். விவசாயிகளிடம் பேசுவதையும் சேர்த்தால் நாளைக்கு இரண்டு குளம், வாரத்தில் மூன்று நாள் களம், இரண்டு நாள் பதிவேற்றம் என்று வைத்தால் வாரத்துக்கு 6 குளம், அதாவது 24 குளத்துக்கு 20 நாள். சரிபார்ப்பும் மேப்பும் 10 நாள். மீதி 5 நாளைச் சும்மா விடுங்கள், 'இருப்பு' என்று பெயர் போட்டு.

வரிசையும் முக்கியம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் குளம் நிரம்ப ஆரம்பிக்கும், அப்புறம் மடையின் அடிப்பகுதியையும் வண்டல் மேட்டையும் பார்க்க முடியாது. அதனால் கால்வாயின் தலைமாட்டில் இருக்கும் குளங்களை முதலில் முடித்துவிட்டு, கடைமடைப் பக்கம் பிறகு போகலாம்.

இனி கூகுள் ஷீட்ஸ். A-யில் வேலையின் பெயர், B-யில் தொடக்கம், C-யில் நாட்கள், D-யில் முடிவு. விடுமுறைத் தேதிகளுக்கு S2 முதல் S5 வரை, இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும். B2-வில் மட்டும் தேதியைக் கையால் போடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். D2-விலும் B3-யிலும் முறையே:

```
=WORKDAY(B2,C2-1,$S$2:$S$5)
=WORKDAY(D2,1,$S$2:$S$5)
```

இரண்டையும் கீழே இழுத்துவிடுங்கள். E1 முதல் Q1 வரை 13 திங்கட்கிழமைகளின் தேதி. பிறகு E2 முதல் கடைசி வரிசையின் Q வரை தேர்ந்தெடுத்து, Format > Conditional formatting > Custom formula is போய் இதைப் போட்டால், வேலை நடக்கும் வாரங்கள் நிறம் மாறும்:

```
=AND(E$1<=$D2,E$1+4>=$B2)
```

கடைசி வரிசையின் D ஆகஸ்ட் 28-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு வாரநாளில் உள்ளூர் விடுமுறை வந்து அதை S-இல் சேர்த்தால், முடிவு ஆகஸ்ட் 31-க்குப் போய்விடும். இருப்பை 5-லிருந்து 4 ஆக்கினால் பழைய இடத்துக்கு வந்துவிடும், இருப்பு இருப்பதே இதற்குத்தான்.

இப்போது ஐந்தாவது வார முடிவில் கைடு, "பாளையங்கால்வாயில் இன்னும் 12 குளத்தையும் சேர்த்துரு தம்பி, வேய்ந்தான்குளம் இல்லாம அறிக்கை நல்லாவா இருக்கும்?" என்கிறார். உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் அந்த ஷீட்டை ஒரு பிரதி எடுத்து 'பழைய திட்டம்' என்று பெயர் வைத்துவிட்டு (பின்னால் ஏன் மாறியது என்று கேட்டால் காட்ட வேண்டும்) அதைத் தொடாதீர்கள். அப்புறம் களவேலை வரிக்குக் கீழே புது வரி சேர்த்து, அதற்கு அடுத்த வரியின் தொடக்கம் புது வரியின் முடிவிலிருந்து கணக்காகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நடுவில் வரி நுழைத்தால் சூத்திரம் பழைய வரியையே பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு வேலை ஒரே தேதியில் தொடங்கும், முடிவுத் தேதி மட்டும் அழகாக அப்படியே இருப்பதாகக் காட்டும்.

பழைய வேகத்தில் 12 குளம் என்றால் 10 நாள். இருப்பு 4 தான். கல்லூரி தேதி நகராது, கூட ஆளும் இல்லை, எனவே வேலையின் ஆழத்தில்தான் குறைக்க முடியும். புதிய 12 குளத்தில் விவசாயிகள் பேட்டி வேண்டாம், புகைப்படமும் இருப்பிடமும் மடை, கலுங்கு நிலையும் மட்டும் போதும் என்றால் நாளைக்கு நாலு குளம் போகலாம்: களம் 3 நாள், பதிவேற்றம் 1 நாள். புது வரியில் 4, இருப்பில் 0 போடாமல் அந்த வரியையே நீக்கிவிட்டு, கீழுள்ள தொடக்கச் சூத்திரத்தைச் சரிசெய்தால் முடிவு ஆகஸ்ட் 28-லேயே நிற்கும்.

இதை கைடுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: "12 குளம் சேர்க்கிறேன் சார், அவற்றில் பேட்டி இருக்காது, முடிவுத் தேதி மாறாது, ஆனால் இனி கையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை." அவர் சரி என்று பதில் போட்ட பிறகே களத்துக்குப் போங்கள். மறுபடி நீர்ப் பரிசோதனையும் வேண்டும் என்று வந்தால் புதிய ஷீட்டைத் திறந்து காட்டி, எந்த வரியை எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.