அம்மம்மாவுக்கு மகள் எழுதிய பொங்கல் அட்டை

தம்பிலுவிலில் இருக்கும் அம்மம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் பொங்கல் வாழ்த்து எழுத, இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளைக் கல்லடி வீட்டு மேசையில் இருத்தினேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'இதயம் கனிந்த நல்வாழ்த்துகள்' என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. 'வாள்த்து' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அட்டையே கிழிந்தது. பிழை என்னுடையதுதான். அது அவள் வாயில் வரும் வசனமே இல்லை.

அடுத்த நாள் கேள்வி மட்டும் கேட்டேன்.

"அங்க போனா முதல்ல எதைப் பார்ப்பாய், மகள்?"

"அம்மம்மாட ஆட்டுக்குட்டிய."

'அம்மம்மாட' என்பதை எழுதும்போது 'உங்கள்' என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் அட்டை அம்மம்மாவோடு நேரே பேசுகிறது. இதை விளக்கத்தான் நேரம் எடுத்தது. அட்டையைக் கையில் கொடுத்து, "அம்மம்மா முன்னுக்கு நிற்கிறா, இப்ப சொல்லு" என்றதும் தானாகவே மாற்றிச் சொன்னாள்.

முதலில் கொப்பித் தாளில் எழுதினாள். பிழைத்த எழுத்தின் கீழ் மட்டும் கோடு போட்டேன், திருத்தியது அவள். அப்புறம் அட்டையில் பென்சிலால் மெல்லிய கோடுகள் இழுத்துக் கொடுத்தேன். வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் வைக்கவில்லை, கடைசிச் சொல் ஓரத்தில் நெருங்காமல் இருக்க.

"அன்புள்ள அம்மம்மா, அம்மப்பா, பொங்கல் வாழ்த்துகள். உங்கள் ஆட்டுக்குட்டியைப் பார்க்க வருவேன். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வையுங்கள்."

கடைசி வசனம் நான் கேட்காமலே வந்தது.