ஊர் வீட்டை மேலாளரிடம் ஒப்படைக்கும்போது செலவு வரம்பை எழுதும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் குடும்பங்கள், புறப்படும் அவசரத்தில் ஊர் வீட்டை ஒரு மேலாளரிடம் ஒப்படைத்து, அவர் தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருகிறார்கள். கட்டணம், செய்ய வேண்டிய வேலைகள், செலவு வரம்பு, கணக்கு அனுப்புவது ஆகிய நான்கும் அதில் இருக்கும். ஆனால் செலவு வரம்பு மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். என் நண்பர் ஒருவரின் குடும்பத்துக்கு அந்த ஒரு வரியால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனது என்பதால் இதை எழுதுகிறேன்.

அலுவலக நடைமுறைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வாடகையை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வாங்குங்கள், வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருபவர் வரி பிடித்தம் செய்தே தர வேண்டும் என்பதைக் குடியிருப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். மேலாளருக்குப் பவர் பத்திரம் தருவதானால், விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் தராமல், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் எழுதுங்கள். இங்கே கையெழுத்திட்ட பத்திரத்துக்கு, அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பங்கு வீடாக இருந்தால், வளவும் முகப்பும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது என்பதால், பொது இடத்தில் செய்யும் செலவுக்கு மற்றவர்களின் எழுத்துச் சம்மதத்தையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அவர்கள் பங்குச் செலவும் உங்கள் தலையில் விழும்.

இனி நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய ஒப்பந்தத்தில், "ரூ.25,000க்கு மேற்பட்ட செலவுக்கு உரிமையாளரின் முன் அனுமதி பெற வேண்டும்" என்று மட்டும் இருந்தது. பழுது வேலைகளை மேற்பார்வையிட, செலவில் 10 சதவீதம் மேலாளருக்குத் தனியாக உண்டு. ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டின் ஓட்டுக் கூரை ஓர் ஓரமாக ஒழுகியது. அடுத்த மாதக் கணக்கில் ஐந்து பில்கள் வந்தன: ஓடு வாங்கியதற்கு 24,000, மரச் சட்டம் மாற்றியதற்கு 23,500, ஆள் கூலி 24,500, சுவர்ப் பூச்சு 22,000, வடிகால் சீரமைப்பு 18,000. கூட்டினால் 1,12,000, மேற்பார்வைக் கட்டணம் 11,200, ஆக மொத்தம் 1,23,200 ரூபாய். நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் எந்த பில்லும் 25,000ஐத் தாண்டவில்லை. முகப்புப் பகுதியின் வாடகை மேலாளர் கைக்கே போய்க்கொண்டிருந்ததால், அவர் அந்தத் தொகையை வாடகையிலேயே கழித்துக்கொண்டார்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தப் பூச்சு வேலையில்தான். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் தன்மையுடையது. சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பிப் பெயரும். அனுமதி கேட்டிருந்தால் நண்பர் வேண்டாம் என்று ஒரே சொல்லில் தடுத்திருப்பார். செலவு வரம்பு பணத்தை மட்டும் காப்பதில்லை. வீட்டில் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருப்பதும் அதனால்தான்.

ஆகவே வரம்பைப் பில்லுக்கு வைக்காமல் வேலைக்கு வையுங்கள். நண்பர் பிறகு எழுதிக்கொண்ட வாசகம் இது: "ஒரே காரணத்தால் அல்லது வீட்டின் ஒரே பகுதியில் அறுபது நாட்களுக்குள் செய்யப்படும் எல்லாச் செலவுகளும், எத்தனை பில்களாக, எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டாலும், ஒரே வேலையாகக் கருதப்படும். ஒரு வேலைக்கு ரூ.25,000, ஒரு மாதத்துக்கு எல்லா வேலைகளும் சேர்த்து ரூ.40,000 என்ற வரம்பைத் தாண்டும் முன் உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். மறுமொழி வராததை அனுமதியாகக் கொள்ளக் கூடாது." இந்த வாசகம் முன்பே இருந்திருந்தால், ஓட்டுக்கான 24,000 செலவானதுமே, மரச் சட்டத்தைத் தொடுவதற்கு முன் மேலாளர் சிங்கப்பூருக்குத் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும்.

மழை கொட்டும்போது அனுமதிக்குக் காத்திருக்க முடியுமா என்று மேலாளர் கேட்பார். அது நியாயமான கேள்விதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 189ஆம் பிரிவே, அவசர நிலையில் முதலாளியை நட்டத்திலிருந்து காக்க முகவர் விவேகத்தோடு செயல்படலாம் என்கிறது. ஆனால் எது அவசரம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் எல்லாமே அவசரம் ஆகிவிடும். கூரை ஒழுகல், மின்கசிவு, பூட்டு உடைப்பு, விழும் நிலையில் உள்ள சுவர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அப்போதும் சேதத்தை நிறுத்தும் வேலைக்கு மட்டுமே அனுமதி என்று சேருங்கள். தார்ப்பாய் போட்டு மூடுவதும் முட்டுக் கொடுப்பதும் அவசர வேலை; மரச் சட்டம் மாற்றி ஓடு வேய்வது நிரந்தர வேலை, அதற்கு மதிப்பீடு வந்து, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே ஆள் இறங்க வேண்டும்.

செலவில் சதவீதமாகக் கட்டணம் தருவதை அறவே விடுங்கள். செலவு கூடினால் வருமானம் கூடும் என்றால் யாருக்கும் சிக்கனம் வராது. மாதக் கட்டணமாக ஒரு நிலையான தொகையும், பெரிய வேலைக்கு முன்கூட்டிப் பேசிய ஒரு தொகையும் போதும். வாடகையையும் மேலாளர் கையில் விடாதீர்கள்: தம் கைக்கு வந்த உங்கள் பணத்திலிருந்து முறையாகச் செய்த செலவையும் தம் ஊதியத்தையும் முகவர் பிடித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 217ஆம் பிரிவு சொல்கிறது. எது முறையான செலவு என்று பிறகு வழக்காடுவதைவிட, வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். மேலாளரிடம் 40,000 ரூபாய் முன்பணம் இருக்கட்டும். கணக்குச் சரியாக வந்ததும் செலவானதை நிரப்பிக் கொடுங்கள்.

கணக்கு என்பது நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், ஏஜெண்டை அனுப்பி, ஊரில் இருந்தபடியே ஐந்தொகை வரவழைத்துப் பார்த்தார்கள். இப்போது முதலாளி கடல் கடந்து இருக்கிறார், ஏஜெண்டு ஊரில் இருக்கிறார். பழைய ஒழுங்கை மட்டும் ஏன் விட வேண்டும்? ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு ஆகியவை வர வேண்டும். பில்லில் அளவு இருக்க வேண்டும்: "பூச்சு வேலை 22,000" என்பது கணக்கன்று, எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு என்ன விலை என்பதே கணக்கு. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களும் உடன் வேண்டும். செலவே இல்லாத மாதத்திலும், என்று வீட்டைத் திறந்து பார்த்தார், முற்றத்து வடிகால் அடைத்திருக்கிறதா, சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்று எழுத வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று இன்னொரு வரியும் தேவை. நண்பர் வீட்டில் கழற்றிய பர்மாத் தேக்குச் சட்டங்கள் எங்கே என்று கேட்டபோது, "பழைய மரம், அப்புறப்படுத்திவிட்டோம்" என்று பதில் வந்தது. காரைக்குடியில் பழம்பொருள் வாங்கும் கடைகள் இருக்கும்போது அந்த மரம் குப்பைக்குப் போயிருக்காது. பணம் வெளியே போவதைத்தான் செலவு வரம்பு தடுக்கிறது. பொருள் வெளியே போவதை அது தடுக்காது. எனவே கழற்றும் மரம், கதவு, பூக்கல், ஓடு, பித்தளைப் பூண் எதுவானாலும் உரிமையாளரின் சொத்து, எழுத்து அனுமதியின்றி வாசற்படி தாண்டக் கூடாது, படத்தோடு பட்டியலிட்டு ஓர் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று எழுதுங்கள். ஒப்பந்தம் முடியும்போது சாவிகளோடும் அசல் பில்களோடும் அந்தப் பட்டியலையும் சரிபார்த்து ஒப்படைத்த பிறகே கடைசி மாதக் கட்டணம் தரப்படும் என்பதையும் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள்.