கல்யாண வீட்டுக் கேள்விகள்: பயத்தை வளர்த்துவிடும் தவறுகள்

முகூர்த்த மாதம் நெருங்கினாலே சிலருக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். "வேலை என்னாச்சு, வெயிட் போட்டுட்டியே, கல்யாணம் எப்போ" என்ற மூன்று கேள்விகளையும் நினைத்தே பாதித் தூக்கம் போகும். "கோபப்படாதே, மூச்சை நிதானமாக விடு" என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சமாளிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பயத்துக்குத் தீனி போடும் தவறுகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தப்பிக்கும் வித்தைகளோடு போவது

மற்ற எதையும்விட இதுதான் எரிச்சலூட்டும், ஏனென்றால் பார்ப்பதற்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். 29 வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. மதுரையில் சித்தப்பா மகளின் ரிசப்ஷன். பந்தி நடக்கும் எட்டரை மணிக்குப் போகிறாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள், யாராவது பேசினால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறாள், சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறாள். ஒன்றும் விபரீதமாக நடக்கவில்லை. ஆனால் அடுத்த காதுகுத்துக்கு அழைப்பு வந்ததும் அதே படபடப்பு.

காரணம் எளியது. "போன் இருந்ததால் தப்பித்தேன், லேட்டாகப் போனதால் தப்பித்தேன்" என்றே மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. நேருக்கு நேர் நின்றாலும் சமாளித்திருப்பாள் என்பது அதற்குத் தெரியவே வாய்ப்பில்லை. கூச்சப் பதற்றம் ஏன் தானாகத் தேய்வதில்லை என்பதற்கு உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் தந்த விளக்கத்தில் இது முக்கியமான பகுதி.

இன்னொரு வம்பும் உண்டு. குனிந்த தலையும் ஒற்றை வார்த்தைப் பதிலும் கேள்வியை வரவழைக்கும். "ஏன்டி டல்லா இருக்கே, உடம்பு சரியில்லையா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

மாற்றுவழி இது. போவதற்கு முன் பயத்தைத் துல்லியமாக எழுத வேண்டும்: "வேலை இல்லை என்று சொன்னால் அத்தை நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்வார், என் குரல் நடுங்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்." அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறாள் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும், 80 சதவீதம் என்பதுபோல. பிறகு ஒரே ஒரு வித்தையை மட்டும் விடட்டும். உதாரணமாக, முதல் இருபது நிமிடம் போன் அம்மாவின் ஹேண்ட்பேக்கில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் பாதியில் ஓடி வந்துவிடுவாள்.

ஆறரைக்கே போவது உண்மையில் சுலபம். உறவினர்கள் ஒருவர் இருவராக வருவார்கள். நிரம்பிய மண்டபத்துக்குள் நுழையும் மலைப்பு இருக்காது. பேசும்போது "என் முகம் எப்படி இருக்கிறதோ" என்று உள்ளே போகும் கவனத்தை, அத்தை என்ன சொல்கிறார் என்பதற்குத் திருப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எழுதியதோடு ஒப்பிடட்டும். குரல் நடுங்கியிருக்கலாம். அத்தை கேட்டும் இருக்கலாம். ஆனால் நாலு பேரைக் கூப்பிட்டாரா? "என் பையனும் மூணு மாசம் சும்மாதான் இருந்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போயிருந்தால், அந்த 80 தானாக இறங்கும்.

கல்யாண வீட்டு வேலைகளில் ஒளிந்துகொள்வதும் இதே ரகமா என்று கேட்பார்கள். வாசலில் சந்தனம், பன்னீர்த் தட்டோடு நிற்பது நல்லது, வருகிற எல்லோரையும் பார்த்தாக வேண்டும். ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருப்பது தப்பிப்பதுதான்.

காரணம் அடுக்குவது

"இப்போ மார்க்கெட் சரியில்லை, அதான் கோர்ஸ் பண்றேன்" என்றால் "என்ன கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ்?" என்று வரும். ஒவ்வொரு காரணமும் அடுத்த கேள்விக்கு வாசல். ஒரு வரி உண்மை, உடனே ஒரு திருப்பம் போதும்: "தேடிக்கிட்டிருக்கேன் அத்தை. நீங்க எப்போ ஊர்லேர்ந்து வந்தீங்க?" எடையைப் பற்றிக் கேட்டால் "ஆமா சித்தி" என்பதே முழுப் பதில். மறுபடி கேட்டால் அதே வரியையே சொல்லலாம். புதுப் பதில் தேட வேண்டாம்.

பட்டினியோடு காபி மட்டும் குடித்துவிட்டுப் போவது

கை நடுக்கமும் படபடப்பும் அதிலிருந்தே வரும். பயம் என்று தப்பாக எண்ணிக்கொள்வீர்கள்.

தெரிந்தவர் கொடுத்த படபடப்பு மாத்திரை

வேண்டாம். அதற்காகப் பலர் போடும் புரோப்ரனலால் என்ற மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.

ராத்திரி போஸ்ட்மார்ட்டம்

எழுதியதை ஒருமுறை ஒப்பிட்டதோடு தாளை மடித்துவிடுங்கள். படுக்கையில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் மோசமான நிமிடம் மட்டுமே திரும்பத் திரும்ப வரும்.

எல்லாவற்றையும் பயம் என்று எண்ணுவது

சபையில் வேண்டுமென்றே உடம்பைக் கேலி செய்கிற ஆளிடம் மேலே சொன்ன பயிற்சி எதுவும் தேவையில்லை. எழுந்து வேறு இடத்தில் உட்காரலாம். அதேபோல், ஆறு மாதத்துக்கும் மேலாக ஆட்களைச் சந்திக்கும் இடங்களையெல்லாம் தவிர்த்து, இன்டர்வியூவைக்கூட விடும் நிலை வந்திருந்தால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். மனநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.