குரூப் 4 படிப்புக் குழுவில் தினமும் பத்துக் கேள்வி பகிர்வது எப்படி?

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குரூப் 4 தேர்வுக்காக டெலிகிராமில் ஒரு குழு தொடங்குகிறீர்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதில் பிடிஎஃப்களும் காலை வணக்கப் படங்களும்தான் நிறைந்திருக்கும். நடுவில் யாரோ ஒரே இரவில் ஐம்பது கேள்விகளை அனுப்பியிருப்பார்கள், அதில் பாதியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எங்கள் முதல் குழு இப்படித்தான் நின்றுபோனது. இரண்டாவது குழுவை ஏழு பேரோடு தொடங்கி, கீழே உள்ள முறையில் நடத்தினோம்.

முதலில் அளவும் முறையும்

ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி போதும். பத்தையும் போட்டு, விடையைப் பற்றிப் பேசி, தவறியதைக் குறித்துக்கொள்ள வேலைக்குப் போகிறவருக்கும் நேரம் கிடைக்கும். குரூப் 4 வினாத்தாளில் 200 கேள்விகள் வரும். பொதுத்தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. கிட்டத்தட்ட அதே விகிதத்தில் தினமும் தமிழில் ஐந்து, பொது அறிவில் நான்கு, திறனறிவுக் கணக்கில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதி வைக்காவிட்டால், ஆளாளுக்குப் பிடித்த பாடத்திலிருந்தே கேள்வி வரும். கணக்கை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஏழு பேர் என்றால் ஆளுக்கு ஒரு கிழமை. இன்று கேள்வி போடுபவருக்கு, மறுநாள் போடப்போகிறவர் சரிபார்ப்பவர். இந்தச் சரிபார்ப்பவர் ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முந்தைய இரவு: விடையைச் சொல்லாமல் சரிபார்ப்பது

போடுபவர் பத்துக் கேள்விகளையும் முந்தைய இரவு எட்டு மணிக்குள் சரிபார்ப்பவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். விடையை மட்டும் அனுப்பக் கூடாது. சரிபார்ப்பவர் தேர்வில் உட்கார்ந்ததுபோலத் தானே போட்டுப் பார்த்து, தன் விடைகளைத் திருப்பி அனுப்புவார். இருவர் விடையும் பொருந்தாத கேள்வியை மட்டும் இருவரும் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். விடையோடு சேர்த்து அனுப்பினால், "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம்.

இந்தப் படி இல்லாத நாளில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் இப்படி ஒரு கேள்வி போட்டார்:

இந்திய அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் எத்தனை?
அ) 8  ஆ) 10  இ) 11  ஈ) 12

விடை 10 என்று குறித்திருந்தார். கையில் இருந்தது ஒரு பழைய கைடு. இருவர் 11 என்று வாதாட, நாள் முழுவதும் குழுவில் அதே பேச்சு. கடைசியில் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்வரன் சிங் குழு பரிந்துரைத்தவை 8. 1976-இல் 42-ஆவது திருத்தம் 51ஏ பிரிவில் சேர்த்தவை 10. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிக்க வேண்டியது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடமை என்று 2002-இல் 86-ஆவது திருத்தம் ஒன்றைக் கூட்டியது. ஆகவே இப்போது 11. நான்கு விடைகளில் மூன்று, வேறு வேறு கேள்விகளுக்குச் சரியான விடைகள்!

கேள்வியில் "தற்போது" என்றோ "42-ஆவது திருத்தத்தால்" என்றோ ஒரு சொல் இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. எண்ணிக்கை, பதவியில் இருப்பவர், முதலிடம் பிடித்த மாவட்டம் என்று காலத்தோடு மாறக்கூடிய எதைக் கேட்டாலும் எந்த ஆண்டு நிலவரம் என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்.

காலை: கேள்வியை ஏற்றுவது

காலை ஆறரைக்குப் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிவிடுங்கள். டெலிகிராமில் Poll-ஐத் திறந்து Quiz Mode-ஐத் தேர்ந்தெடுத்தால் சரியான விடையைக் குறிக்கலாம். சாதாரண வாக்கெடுப்பில் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மற்றவர்கள் எதைப் போட்டார்கள் என்று தெரிந்த பிறகு மாற்றிவிட முடியும். வினாடி வினாவில் தொட்டால் தொட்டதுதான். Anonymous Voting இயக்கத்திலேயே இருக்கட்டும். யார் தவறு செய்தார் என்று தெரியாதவரை, புதிதாகச் சேர்ந்தவரும் தயங்காமல் போடுவார்.

நான்கு விடைகளோடு ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்பதையும் சேருங்கள். தேர்வாணையத்தின் வினாத்தாளிலும் அது இருக்கிறது. தேர்வறையில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் அங்கே ஊகித்துப் போடலாம். குழுவில் மட்டும் ஊகிக்காதீர்கள். ஊகம் பலித்துவிட்டால், தெரியாத பாடம் தெரிந்த பாடமாகத் தோன்றும்.

விளக்கம் எழுத டெலிகிராம் தரும் இடம் 200 குறிகள்தான். தமிழில் புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்படுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் ஆதாரத்தை மட்டும் எழுதுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு. பதிப்பு மாறினால் பக்கமும் மாறும். ஆதாரம் எழுத முடியாத கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

இரவு ஒன்பது வரை வாய் திறக்காமல் இருப்பது

விடையைப் பற்றிய பேச்சு ஒன்பது மணிக்குத்தான். வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்து கேள்வியைத் திறப்பவருக்கு அதற்கு முன்பே விடை கண்ணில் படக்கூடாது. "இது ரொம்ப ஈஸி" என்பதும் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டுத் தவறாகப் போட்டவர் அப்புறம் சந்தேகமே கேட்க மாட்டார்.

ஒன்பது மணிக்கு, அன்று கேள்வி போட்டவர் அதிகம் பேர் தவறவிட்ட மூன்று கேள்விகளை மட்டும் எடுத்து விளக்கினால் போதும். சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற விடைகள் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள். மேலே கடமைகள் கேள்வியில் பார்த்தீர்களே, அந்த ஒன்றிலிருந்து மூன்று செய்திகள் கிடைத்தன. கணக்குக்கு மட்டும் நோட்டில் வழிமுறையை எழுதிப் படம் எடுத்துப் போடுவது எளிது.

விடை தவறு என்று நினைப்பவர் அந்தக் கேள்விக்கே பதிலாக, புத்தகப் பக்கத்தின் படத்தோடு எழுத வேண்டும். "எனக்குத் தெரியும், அது தப்பு" என்பது கணக்கில் வராது. தவறு உறுதியானால் போடுபவர் பழைய கேள்வியை அழிக்காமல், அதன் கீழேயே "திருத்தம்" என்று எழுதட்டும். அழித்துவிட்டால், காலையில் போட்டுவிட்டுப் போனவர் தவறான விடையையே மனத்தில் வைத்திருப்பார். ஒன்பதரைக்கும் முடியாத வாதத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

சில சின்ன மரியாதைகள்

உங்கள் கிழமையில் முடியாது என்றால் முந்தைய நாள் மாலைக்குள் சொல்லி, வேறொருவரோடு நாளை மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி மையங்கள் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் தேர்வுத் தாள்களைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அது அவர்கள் உழைப்பு. பாடநூலிலிருந்து நாமே கேள்வி தயாரிக்கும்போது அந்தப் பக்கம் நன்றாக மனத்தில் பதிவதும் உண்டு. மூன்று நாள் காணாமல் போனவரிடம் குழுவில் கேட்காமல் தனியாக விசாரியுங்கள். வீட்டில் என்ன சூழ்நிலையோ, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு முறைக்காரர் புதுக் கேள்வி தயாரிக்க வேண்டாம். திங்கள் முதல் சனி வரை போட்ட அறுபதில், அதிகம் பேர் தவறவிட்ட பத்தை எடுத்து, விடைகளின் வரிசையை மாற்றி மறுபடி போடட்டும். வரிசையை மாற்றாவிட்டால் "மூன்றாவதுதான் விடை" என்ற ஞாபகத்திலேயே போட்டுவிடுவோம். இரண்டாம் முறையும் பாதிப் பேர் தவறவிட்ட கேள்வி இருந்தால், அந்தப் பாடம் முழுவதையும் அடுத்த வாரம் எல்லோரும் திரும்பப் படிக்க வேண்டும். திங்கட்கிழமை போடுபவர் தன் பத்தில் இரண்டை அந்தப் பாடத்திலிருந்தே எடுக்கட்டும்.