"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா": பதின்ம வயதுப் பிள்ளைக்காக எதிரெதிரே நிற்கும் பெற்றோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகன் ராத்திரி ஒரு மணி வரை போனைக் கீழே வைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. உட்கார்ந்ததுமே அப்பா, "இவ கொடுக்கிற செல்லத்துலதான் மேடம் இப்படி ஆயிட்டான்" என்றார். அம்மா, "இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே அவன் ரூமுக்குள்ள போயிடுறான், அதை முதல்ல கேளுங்க" என்றார். அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில், "அந்த நேரத்துல பையன் போன்ல என்னதான் பண்றான்?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை.

குடும்ப ஆலோசகராக 12 வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். என் வீட்டிலும் இது நடந்தது. பிள்ளை முன்னால் கத்தாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறாத ஒரு தவறைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கொடுக்கும் சலுகை

2022இல் என் மகனுக்கு 16 வயது. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கணவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தது இது. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையின் முகம் வாடியதுதான் கண்ணில் நின்றது. அவர் வெளியூர் போயிருந்த ஒரு சாயங்காலம் சாவியை எடுத்துக் கொடுத்தேன். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றான். "நான் ஏன்டா சொல்லப்போறேன்" என்றேன்.

அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை அது வழக்கமானது. ஆறாவது வாரம் மழையில் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். பள்ளியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னதும் நான்தான். வண்டியின் இடது பக்கக் கீறலைத் துடைத்துக்கொண்டே கணவர் கேட்டார்: "எத்தனை நாளா நடக்குது?" காயத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தன்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவரைச் சுட்டது. அதற்குப் பிறகு நான் எதற்குச் சரி சொன்னாலும் அவர் மறுத்தார். விளையாட்டுப் போட்டிக்கு வெளியூர் போவதற்குக்கூட.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஒருவர் இளகினால் மற்றவர் அதை ஈடுகட்ட இன்னும் இறுக்குவார். அவர் இறுக்கிய அளவுக்குப் பிள்ளையைக் காப்பாற்ற முதல் ஆள் இன்னும் இளகுவார். இருவரும் தனியாக இருந்தால் எடுத்திருக்கக்கூடிய நடுவான முடிவை, சேர்ந்து இருக்கும்போது ஒருவராலும் எடுக்க முடியாது. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுசின் இதைத் தலைமுறை தாண்டிய கூட்டணி என்பார்: ஒரு பெற்றோரும் பிள்ளையும் ஒரு கட்சி, மற்ற பெற்றோர் எதிர்க்கட்சி. பிள்ளைக்கு இதில் லாபம் என்று தோன்றும். உண்மையில், ஒரு முகத்தைக் காப்பாற்ற இன்னொரு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் சுமை அதன் தலையில் விழுகிறது.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. பிள்ளை எதைக் கேட்டாலும் ஒருவர் இல்லாத நேரம் பார்த்துக் கேட்கிறதா? பணம் அனுப்பியதும் பேங்க் மெசேஜை அழிக்கிறீர்களா? கேட் திறக்கும் சத்தத்தில் பேச்சு நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கூட்டணி உருவாகிவிட்டது.

இதிலிருந்து வெளியே வருவது

முதலில், மறைத்ததை எல்லாம் ஒரே தடவையில், பிள்ளை இல்லாத நேரத்தில் துணையிடம் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் ஒவ்வொரு முறையும் காயம் புதிதாகும். கேட்பவர் அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது. சாவியைக் கொடுத்தது பெரியவர் அல்லவா? அடுத்து பிள்ளையிடம், "இனிமே நான் மறைக்கமாட்டேன். நாளைக்குள்ள நீயே அப்பாகிட்ட சொல்லு, இல்லைன்னா நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபப்படும். படட்டும்.

பிறகு, எந்தக் கோரிக்கைக்கும் உடனே பதில் கிடையாது. "நாங்க பேசிட்டு நாளைக்குச் சொல்றோம்" என்பது மட்டும்தான். இப்பவே வேண்டும் என்று பிள்ளை அவசரப்படுத்தினால், இன்றைக்கு இல்லை என்பதே பதில்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். பேசி எடுத்த முடிவு "சரி" என்றால் வழக்கமாக மறுப்பவர் அதைச் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்றால் வழக்கமாக இளகுபவர் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில், "பதினெட்டு ஆகிற வரைக்கும் வண்டி இல்லைடா" என்று நான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. போட்டிக்குப் போகலாம் என்பதை அவர் சொன்னார். ஒரே நேரத்தில் எல்லாப் பிரச்சினையையும் எடுக்காதீர்கள். ஒரு விஷயம், இரண்டு வாரம், போதும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஒருவர் குடித்துவிட்டு அடிப்பவர் என்றால், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பாதுகாப்பு முதலில். அதேபோல், பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ சாக வேண்டும் என்றோ சொன்னால், எத்தனை சத்தியம் வாங்கியிருந்தாலும் அதை ரகசியமாக வைக்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

தூக்கத்தை வளர்ப்பின் குற்றமாக்குவது

பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. பத்து மணிக்குப் படுக்கவைத்தாலும் கண் சொக்காது. இது தெரியாமல் "உன் வளர்ப்பு", "உங்க பரம்பரை" என்று காலங்காத்தாலே ஆரம்பிக்கிறார்கள். போன் அதை இன்னும் தள்ளிப்போடும், அது நிஜம். சண்டை போட வேண்டுமானால் அந்தப் போனோடு போடுங்கள்.

"நீயே சொல்லுடா, யார் சொல்றது சரி?"

கேட்கவே கேட்காதீர்கள்.

மாமியார், மச்சான், பெரியப்பா

இவர்களைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு பேர் சண்டை ஐந்து பேர் சண்டையாகும்.

அந்தத் தம்பதி

அவர்கள் எடுத்துக்கொண்டது ராத்திரிப் போனை மட்டும். பதினொரு மணிக்கு மூவருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும், அப்பாவுடையதும் சேர்த்து. முதல் வாரம் இரண்டு நாள் அப்பாவே தவறினார். அதைப் பையனிடம் ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஒரு மணிவரை அவன் பேசிக்கொண்டிருந்தது பழைய பள்ளி நண்பனோடு என்பது அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டரை வரை பேசட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். சொல்ல வேண்டியவர் அப்பா. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். பையன் உடனே திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.