பழைய ஐபி முகவரி வாங்கப் போகும் கேபிள்காரர்கள் செய்யும் தவறுகள்

காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ ஃபைபர் இழுத்து நெட் கொடுப்பவர் 4,000 இணைப்பைத் தொட்டதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஐபி பத்தாது, ஒரு /24 வாங்கிப் போடுங்க." /24 என்றால் 256 முகவரிகள். முதல் தவறு, கணக்குப் போடாமல் இதற்குத் தலையாட்டுவது.

பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகத் தொகுப்பில் கடைசியாக மிச்சமிருந்தவை 2011 பிப்ரவரியில் பகிரப்பட்டுவிட்டன. இன்று நம் ஆசிய பசிபிக் பகுதியில் புதிதாக உறுப்பினராகச் சேர்பவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 512. இதை 4,000 வீட்டுக்குத் தனித்தனியாகக் கொடுக்க முடியாது. அதனால்தான் சிஜிநாட் போட்டு ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறோம்.

ஒரு முகவரியில் 65,536 போர்ட்டுகள், அதாவது இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள், உண்டு. முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு 1,000 கொடுத்தால், ஒரு முகவரி 64 வீடுகளைத் தாங்கும். 4,000 வீட்டுக்கு 63 முகவரி. கையில் இருக்கும் 512-இலேயே நிறைய மிச்சம்! பெரிய குடும்பம், நாலைந்து போன், டிவி என்று வீட்டுக்கு 2,000 போர்ட் கொடுத்தாலும் 125-தான் வரும்.

சரி, அப்படியானால் புகார் ஏன் வருகிறது? மாந்தோப்பில் கேமரா வைத்தவர், பெங்களூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்பார். அவருடைய ரூட்டரில் WAN பக்கத்தைத் திறந்தால் `100.72.14.9` மாதிரி ஒன்று நிற்கும். 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை சிஜிநாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. இவருக்கும், ஓசூர் சிப்காட் பக்கம் சொந்த சர்வர் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் மட்டும் தனி முகவரி போதும்.

இரண்டாவது தவறு, ஐபிவி6-ஐத் தள்ளிப்போடுவது. அது 128 பிட் நீள முகவரி, தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஆனால் பழையதும் புதியதும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. ஐபிவி4 மட்டும் தெரிந்த தளங்கள் இருக்கும்வரை பழைய முகவரியும் கொஞ்சம் வேண்டும். சந்தையில் அதற்கு விலை நிற்பதே இதனால்தான். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், யூடியூப், ஃபேஸ்புக் போன்ற கனமான போக்குவரத்து ஐபிவி6 வழியாகவே போய்விடும். சிஜிநாட் பெட்டிக்குப் பாரம் குறையும். பழைய பழக்கத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு ஐபிவி6 முகவரி கொடுத்துச் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஒரு /56 தொகுதியையே கொடுங்கள், தாராளமாக.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கியே தீர வேண்டும் என்றால், பத்து, இருபது என்று சில்லறையாக வாங்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். /24-ஐவிடச் சிறிய துண்டைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ரூட்டில் ஏற்பதில்லை. கைமாற்றத்துக்கும் அதுவே குறைந்தபட்ச அளவு. முகவரி 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 6,400 டாலர் ஆகும்.

இது நிலம் வாங்குவது மாதிரிதான்: கையில் வருவது பொருள் அல்ல, பதிவேட்டில் பெயர் மாற்றம். வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. விற்பவர் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று `whois`-இல் பாருங்கள். 103-இல் தொடங்கும் முகவரி என்றால், கடைசித் தொகுப்பிலிருந்து கொடுக்கப்பட்டு ஐந்து ஆண்டு ஆகாதவற்றை மாற்ற முடியாது. அப்புறம் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் தேடுங்கள். முன்பு ஸ்பேம் அனுப்பிய முகவரி என்றால், உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் மெயில் போய்ச் சேராது. எந்த நெட்வொர்க் இந்த முகவரியை அறிவிக்கலாம் என்று சொல்வது ROA பதிவு; பழைய உரிமையாளர் போட்டது நீக்கப்படாமல் இருந்தால், நீங்கள் அறிவிக்கும் ரூட்டையே பலர் தள்ளிவிடுவார்கள்.

பணத்தை எஸ்க்ரோவில் போடுங்கள், அதாவது நடுவில் ஒருவரிடம். விற்பவர் தன் பதிவகக் கணக்கில் மாற்றத்தைத் தொடங்குவார். நீங்கள் ஒப்புக்கொண்டு, எதற்குத் தேவை என்று கணக்கு காட்ட வேண்டும். இங்கே இந்தியப் பதிவகம் ஐஆர்ஐஎன்என். பெயர் மாறியது பதிவேட்டில் தெரிந்த பிறகே பணம் விற்பவருக்குப் போக வேண்டும். அடுத்து உங்கள் பெயரில் புது ROA. முகவரியின் இருப்பிடத் தகவலையும் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் பென்னாகரத்தில் இருப்பவரை ஓடிடி ஆப் வெளிநாட்டுக்காரர் என்று நினைத்துப் படத்தை மறைத்துவிடும்.

"இன்னும் ஏறும், வாங்கிப் போடலாம்" என்பவர்களும் உண்டு. 2011-இல் நார்டெல் தன் முகவரிகளை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது ஒன்றுக்கு 11.25 டாலர். பத்தாண்டு கழித்து 50 டாலரைத் தாண்டியது உண்மை. அதற்குப் பிறகு இறங்கியதும் உண்மை.