சைட் இன்ஜினியர்களுக்கு ஏஐ ரெண்டரை அறிமுகப்படுத்தும் பேச்சு: நிறுவன உரிமையாளருக்கான செய்முறை

டிசைன் டீம் ஏஐ மூலம் ரெண்டர் உருவாக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அந்தப் படங்கள் சைட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கிளையன்ட் போனில் காட்டுவார், கான்ட்ராக்டர் குரூப்பில் பகிர்வார், மேஸ்திரி அதைப் பார்த்து வேலையைத் தொடங்குவார். அதற்கு முன்பே சைட் இன்ஜினியர்களை உட்காரவைத்து உரிமையாளர் பேசிவிட வேண்டும். டிசைன் டீமில் ஒருவரை அனுப்பிப் பேசச் சொன்னால் அது மென்பொருள் அறிமுகமாக முடிந்துவிடும். எந்தப் படத்தை நம்பி வேலை செய்யலாம், எதை நம்பக்கூடாது என்பது நிறுவனத்தின் முடிவு. அதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

முக்கால் மணி நேரம் போதும். ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் எல்லோரும் படத்தைக் கையில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 1: ஒரே ஒரு மாடிப்படியைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் பதினைந்து அழகான படங்களை ஓடவிட்டால் எல்லோரும் ரசிப்பார்கள், ஒன்றும் மனதில் நிற்காது. நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையிலிருந்து ஒரு மாடிப்படியை மட்டும் எடுங்கள். எண்ணக்கூடிய உறுப்புகள் மாடிப்படியில் அதிகம். தவறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம்.

நான்கு பிரிண்ட் தேவை: மாடிப்படியின் செக்‌ஷன் டிராயிங், அதே படியின் 3டி மாடலிலிருந்து எடுத்த சாதாரண வியூ, அந்த வியூவை ஏஐ கருவியில் கொடுத்து உருவாக்கிய இரண்டு ரெண்டர்கள். ஏ3 அளவில், இரண்டு பேருக்கு ஒரு செட். இரண்டு ரெண்டர்களும் ஒரே வியூவிலிருந்தும், கருவிக்கு எழுதிக் கொடுத்த ஒரே வாசகத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும், ஆனால் படி எண்ணிக்கை வேறுபட வேண்டும். சில தடவை மீண்டும் மீண்டும் உருவாக்கிப் பார்த்தால்தான் அப்படி ஒரு ஜோடி கிடைக்கும். அப்படித் தேடி எடுத்ததைப் பேச்சில் மறைக்க வேண்டாம்.

படி 2: விளக்கத்துக்கு முன் எண்ண வையுங்கள்

தொடக்கத்தில் ஏஐ என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். செக்‌ஷன் டிராயிங்கை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் ரெண்டரைக் கொடுத்து, "முதல் ஃப்ளைட்ல எத்தனை ரைசர் இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். பிறகு இரண்டாவது ரெண்டர். கடைசியாக டிராயிங்கைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கோடு பார்ப்போம். தளத்துக்குத் தளம் உயரம் 3150 மி.மீ. 150 மி.மீ. வீதம் 21 ரைசர். முதல் ஃப்ளைட்டில் 11 ரைசர், லேண்டிங் 1650 மி.மீ. உயரத்தில். இரண்டாவது ஃப்ளைட்டில் மீதி 10. முதல் ஃப்ளைட்டில் 300 மி.மீ. டிரெட் 10 இருப்பதால் அதன் நீளம் 3000 மி.மீ. இது டிராயிங். ஒரு ரெண்டரில் முதல் ஃப்ளைட்டில் 9 ரைசர்தான் தெரிகிறது, இன்னொன்றில் 12.

இப்போது போர்டில் எழுதிக் கேளுங்கள்: "9 படின்னு நம்பி சென்டரிங் அடிச்சா என்ன ஆகும்?" கணக்கை அவர்களே போடட்டும். லேண்டிங் உயரம் மாறாது, லேண்டிங் பீமின் இடமும் மாறாது. அப்படியானால் 1650-ஐ 9 ஆல் வகுக்க வேண்டும், ரைசர் 183 மி.மீ. வரும். 3000-ஐ 8 டிரெட்டுக்குப் பிரித்தால் 375 மி.மீ. வரும். இரண்டாவது ஃப்ளைட்டிலோ ரைசர் 150. லேண்டிங் வரை 183 ஏறிப் பழகிய கால் அதற்கு மேல் 150-ல் தடுமாறும், இறங்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். கான்கிரீட் போட்ட பிறகு இதைச் சரிசெய்ய வெட்டி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தங்கள் கையாலேயே போட்டுப் பார்த்தவருக்கு அதற்குப் பின் வரும் விதியை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது.

படி 3: ஏன் மாறுகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்

சாதாரண ரெண்டரில் 3டி மாடல் இருக்கிறது. மென்பொருள் அந்த மாடலுக்கு வெளிச்சமும் மெட்டீரியலும் கொடுத்துப் படமாக்குகிறது. மாடலில் 11 ரைசர் இருந்தால் படத்திலும் 11 இருக்கும். மாடல் தவறாக இருந்தால் படமும் தவறு, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

ஏஐ ரெண்டர் வேறு வகை. ஏராளமான படங்களிலிருந்து, மாடிப்படி என்றால் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதை அந்தக் கருவி கற்றிருக்கிறது. வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, கொடுத்த வியூவையும் வாசகத்தையும் துணையாகக் கொண்டு படிப்படியாகத் தெளிவாக்கி ஒரு படத்தை வரைகிறது. உள்ளே ரைசர் என்ற பொருளும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. அருகில் உள்ள படிகள் பெரும்பாலும் சரியாக வரும். தூரத்தில் கோடுகள் நெருங்கும் இடத்தில் இரண்டு படிகள் ஒன்றாகிவிடலாம், அல்லது ஒன்று கூடிவிடலாம். ஜன்னல் சட்டம், கைப்பிடிக் கம்பி, டைல் ஜாயின்ட் என வரிசையாகத் திரும்ப வரும் எல்லாவற்றிலும் இதே பிசகு நேரலாம்.

"மூல வியூவை அப்படியே பின்பற்றச் சொல்ல முடியாதா?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, முழுப் பதிலும் கொடுங்கள். பல கருவிகளில், மூலத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. குறைத்து வைத்தால் கோடுகள் பெரும்பாலும் நிற்கும், ஆனால் மெட்டீரியலும் வெளிச்சமும் அவ்வளவாக மாறாது, படம் உயிரில்லாமல் இருக்கும். அதனால் டிசைனர் அதைக் கூட்டத்தான் பார்ப்பார். கூட்டக் கூட்ட எண்ணிக்கை நழுவும். குறைவாக வைத்தாலும் எண்ணிக்கை சரியாக வரும் என்று உறுதி கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: படத்தில் இல்லை என்பதற்காக ஒரு பொருள் வேண்டாம் என்று ஆகாது. மழைநீர்க் குழாய், சுவிட்ச் போர்டு, ஏசி வெளி யூனிட், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் போன்றவை இந்தப் படங்களில் பெரும்பாலும் காணாமல் போகும். படம் சுத்தமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

"கட்டுமானத்துக்கு வெளியிட்ட டிராயிங்கும் எழுத்தில் உள்ள ஸ்பெசிஃபிகேஷனும்தான் உத்தரவு. ரெண்டர் எந்த அளவுக்கும், எந்த எண்ணிக்கைக்கும், எந்த ஆர்டருக்கும் ஆதாரம் இல்லை." இதை எழுதிக் கொடுங்கள். நிறம் பற்றிக் கேட்பார்கள். அதுவும் இதில் அடக்கம். போன் திரைக்குத் திரை, பிரிண்டருக்கு பிரிண்டர் நிறம் மாறும். ஒப்புதல் பெற்ற சாம்பிள் துண்டைப் பார்த்துத்தான் டைலும் பெயின்ட்டும் வாங்க வேண்டும்.

படி 5: முத்திரையும் எண்ணும்

விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, படத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஏஐ ரெண்டரிலும் "ஏஐ உருவாக்கிய படம், கட்டுமானத்துக்கு அல்ல" என்ற வரி குறுக்காக நடுவில் ஓட வேண்டும். மூலையில் சின்னதாகப் போட்டால், ஃபார்வர்ட் செய்பவர் ஓரத்தை வெட்டும்போது அதுவும் போய்விடும். படத்தின் அழகு கெடும் என்று டிசைன் டீம் முணுமுணுக்கும். மெல்லிய எழுத்தாக வைத்துக்கொள்ளலாம், இடத்தை மட்டும் மாற்ற விடாதீர்கள்.

கோப்பின் பெயரில் ரெண்டர் எண், எந்த டிராயிங்கிலிருந்து வந்தது, அதன் ரிவிஷன் ஆகிய மூன்றும் வேண்டும்:

```
GR-03_A204_RevC.jpg
```

டிராயிங் RevD ஆனதும் GR-03 செல்லாது. இதே எண்ணைப் படத்தின் மேலும் அச்சிடுங்கள், ஏனென்றால் குரூப்பில் பகிரும்போது கோப்பின் பெயர் பெரும்பாலும் மாறிவிடும்.

சைட் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரில் இந்தப் படங்களை வைக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலை முன்னேற்ற அறிக்கையில் முடிந்த வேலையின் படமாக ஒரு ரெண்டர் நுழைந்தால், பில்லுக்கான ஆதாரமே சந்தேகத்துக்கு உள்ளாகும். அதேபோல, கிளையன்ட்டின் டிராயிங்கையும் சைட் படங்களையும் இன்ஜினியர்கள் தாங்களாக வெளிக் கருவியில் ஏற்ற வேண்டாம். ரெண்டர் உருவாக்குவது டிசைன் டீமின் வேலையாக மட்டும் இருக்கட்டும்.

படி 6: அப்படியானால் இது எதற்கு?

இவ்வளவு தடைகளைக் கேட்ட பிறகு இன்ஜினியர்கள் நியாயமாகவே இதைக் கேட்பார்கள். கிளையன்ட்டோடு மெட்டீரியல் பேசுவதற்கு என்பது ஒரு பதில். சைட்டுக்கு நேரடியாக உதவும் பதில் வேறு: ரெண்டரைப் பார்த்துக் கேள்வி எழுப்பலாம்.

மாடிப்படிக்கே திரும்புங்கள். ரெண்டரில் கண்ணாடித் தடுப்பு போஸ்ட் எதுவும் இல்லாமல் டிரெட்டின் ஓரத்திலிருந்து நேரே எழுகிறது என்று வையுங்கள். செக்‌ஷனில் "கைப்பிடி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன கேள்வி வருது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடி எதில் நிற்கிறது? அடியில் சேனலா, பக்கவாட்டில் போல்ட்டா? பக்கவாட்டில் என்றால் கான்கிரீட்டுக்குள் இன்சர்ட் பிளேட் வைக்க வேண்டுமா? கல் பதித்த பிறகு சேனல் எந்த உயரத்தில் வரும்? இவை எல்லாம் கான்கிரீட் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை. டிராயிங்கை மட்டும் பார்த்திருந்தால் கைப்பிடி வேலை வரும்வரை யாருக்கும் தோன்றாமல் போயிருக்கலாம்.

கேள்வியை எழுத்தில், ரெண்டர் எண்ணோடும் டிராயிங் எண்ணோடும் அனுப்பச் சொல்லுங்கள். "GR-03-ல் போஸ்ட் இல்லை, A204 RevC-ல் கைப்பிடி விவரம் இல்லை. பொருத்தும் முறை என்ன? படிக்கான கான்கிரீட்டுக்கு முன் பதில் தேவை." பதில் டிராயிங் திருத்தமாகத்தான் வர வேண்டும். "படத்துல இருக்கிற மாதிரி பண்ணிடுங்க" என்று டிசைன் டீம் போனில் சொன்னால் அது பதிலாகாது என்பதை அவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: கிளையன்ட் போனை நீட்டும்போது

இதை இரண்டு பேரை எழுப்பி நடித்துக் காட்ட வையுங்கள். கிளையன்ட் சொல்வார்: "நீங்க காட்டின படத்துல இப்படி இல்லையே." அதற்கு இன்ஜினியர் படம் தவறு என்றும் சொல்லக்கூடாது, சரி செய்துவிடுகிறோம் என்றும் சொல்லக்கூடாது. முதலாவது நிறுவனத்தின் மீதான நம்பிக்கையைக் கெடுக்கும், இரண்டாவது வாக்குறுதியாகிவிடும். "சார், இது எப்படித் தெரியும்னு காட்ட உருவாக்கின படம். நாம கையெழுத்துப் போட்ட டிராயிங்ல இது இப்படி இருக்கு. மாத்தணும்னா இன்னைக்கே ஆபீசுக்கு எழுதிடறேன், அதுவரை இந்த இடத்துல வேலையை நிறுத்தி வைக்கணுமான்னும் கேட்டுச் சொல்றேன்" என்று டிராயிங்கைத் திறந்து காட்டிப் பேச வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும், ஏனென்றால் சைட்டில் கிளையன்ட் எதிரே நிற்கும்போது முதலில் வருவது "சரி சார்" தான்.

படி 8: கான்கிரீட் செக்லிஸ்டில் ஒரு வரி

கான்கிரீட் போடும் முன் கையெழுத்திடும் செக்லிஸ்டில் இந்த வரியைச் சேர்த்து, பேச்சு முடியும்போதே புதிய பிரதியைக் கொடுத்தனுப்புங்கள்: "இந்தப் பகுதிக்கான ரெண்டர்களிலிருந்து எழுந்த கேள்விகள் எத்தனை, டிராயிங்கில் பதில் வந்தவை எத்தனை." இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் கான்கிரீட் வண்டிக்குச் சொல்ல வேண்டாம்.